ஆறு மாதச் சம்பளம் எங்கே போனது? ஓர் ஆண்டறிக்கையை இரண்டு முறை எழுதிய கதை

2023 செப்டம்பரில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் தந்துவந்த நன்கொடைக் குழுவில் கணக்குகளைப் பார்ப்பவர் பேசினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். “அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். ஆறு மையங்கள் பத்து மாதம் நடந்தன என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆசிரியைக்கு மாதம் நாலாயிரம். அப்படியானால் சம்பளம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகியிருக்க வேண்டும். ஆடிட்டர் கணக்கில் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம்தான் இருக்கிறது. நாலாயிரத்தால் வகுத்தால் ஐம்பத்து நான்கு வருகிறது. ஆறு மாதச் சம்பளம் எங்கே போனது?” என்றார். பதில் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. “பார்த்துச் சொல்கிறேன் ஐயா” என்று வைத்துவிட்டேன். கை ஈரமாகவே இருந்தது.

அந்த ஒரு கேள்வியால் எங்களுக்குப் போனது ஒன்றரை லட்சம் ரூபாய்; அச்சடித்த அறிக்கைகளின் செலவு தனி. என்னைப் போல ஒரு சிறிய அறக்கட்டளைக்குச் செயலாளராக இருந்து, ஏப்ரல் மாதம் வந்ததும் “ஆண்டறிக்கையை நீங்களே எழுதிவிடுங்கள்” என்று தலையில் கட்டப்பட்டவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். நான் சறுக்கிய இடங்களை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் மாலை ஐந்து முதல் ஏழு மணிவரை படிப்பு மையம் நடத்துகிறோம். ஒவ்வொன்றிலும் அந்த ஊரிலேயே படித்த ஒரு பெண் ஆசிரியை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வருவார்கள். வாசிக்க வைப்பதும் கணக்குப் போட வைப்பதும்தான் நோக்கம். ஆறரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். 2022 ஜூன் முதல் 2023 மார்ச் வரை பத்து மாதங்களுக்கு ஆறு மையங்கள் என்று நன்கொடைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். நடந்தது வேறு. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தபோது இரண்டு ஊர்களில் மையம் திறக்கவில்லை. திறந்து வைத்தாலும் உட்காரப் பிள்ளைகள் இல்லை. பெற்றோர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மையம், மூன்று மாதம். வங்கிக்காரர் கேட்ட ஆறு மாதம் அதுதான்.

அதை ஏன் எழுதவில்லை? பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. எங்களைப் போன்ற அறக்கட்டளை இப்படி விவரித்து எழுதிய ஓர் ஆண்டறிக்கையை வெளியிட்டே ஆகவேண்டும் என்று வருமானவரிச் சட்டம் கேட்பதில்லை. அது கேட்பது தணிக்கை செய்த கணக்கை. விவரமான அறிக்கையைக் கேட்பவர்கள் நன்கொடையாளர்கள். ஆகவே அதற்கு மாதிரி என்று எதுவும் என் கையில் இல்லை. நாலைந்து பெரிய அமைப்புகளின் அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சாயலில் எழுதினேன். பதினோரு இரவுகள் ஆயின. “இவ்வாண்டு 186 குழந்தைகள் பயன்பெற்றனர்” என்று தொடங்கியது. இரண்டு மையங்கள் மூடியதைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ‘சவால்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: “எதிர்பாராத காரணங்களால் சில மையங்களின் செயல்பாடுகள் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டன, எனினும் எங்கள் பயணம் தொடர்கிறது.” எழுதி முடித்தபோது நிறைவாகவே இருந்தது. 250 பிரதிகள், பிரதிக்கு 85 ரூபாய், மொத்தம் 21,250 ரூபாய். அட்டையில் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் ஒரு சிறுமியின் படம். அவள் ஜனவரியிலேயே சூளைக்குப் போய்விட்டவள். ஜூனில் அறிக்கை அச்சாகி வந்தபோது அவள் கல்லுக்கு மண் மிதித்துக்கொண்டிருந்திருப்பாள். படத்தைப் போட அவள் அம்மாவிடம் நான் கேட்கவும் இல்லை.

அந்த ஒற்றை வரியை இப்போது படித்தால் ஒவ்வொரு சொல்லும் ஒளிவதற்காகவே வந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ‘எதிர்பாராத’ என்பது அப்பட்டமான பொய். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் முடிந்ததும் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவது ஆண்டுதோறும் நடப்பது. ஊரில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். ‘சில மையங்கள்’ என்றால் இரண்டா, ஐந்தா? ‘தற்காலிகமாக’ என்றால் மூன்று நாளா, மூன்று மாதமா? ‘நிறுத்தி வைக்கப்பட்டன’, சரி, யார் நிறுத்தியது? தமிழில் இந்தப் ‘பட்டன’ இருக்கிறதே, அது குறையை மறைக்க நினைப்பவனுக்கு நல்ல போர்வை. செய்தவன் வாக்கியத்திலிருந்து எழுந்து போய்விடுவான். ஆனால் எல்லாவற்றையும்விட மோசமான சொல் ‘பயன்பெற்றனர்’. ஒரு நாள் வந்து சுண்டல் சாப்பிட்டுப் போன பிள்ளையும் பயன்பெற்றதுதான். பத்து மாதமும் வந்து வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையும் பயன்பெற்றதுதான். இப்போது என் வரைவில் இந்தச் சொல் வந்தால் அதை அடித்துவிட்டு ‘பெயர் பதிந்தார்கள்’, ‘வந்தார்கள்’, ‘கற்றுக்கொண்டார்கள்’ என்ற மூன்றில் எது உண்மையோ அதைப் போடுகிறேன். மூன்றுக்கும் எண்ணிக்கை வேறு வேறாக வரும். அது வரட்டும்.

தவற்றின் வேர் இன்னொன்று, அது காலண்டர் சம்பந்தப்பட்டது. நான் அறிக்கையை ஏப்ரலில் எழுதி ஜூனில் அச்சடித்துவிட்டேன். ஆடிட்டர் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் கடைசியில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நன்கொடையாளரின் மேசையில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டன. இப்போது என் வழக்கம் இது: வரைவை ஏப்ரல், மே மாதங்களில் நினைவு சூடாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவேன், தணிக்கைக் கணக்கு வரும்வரை அச்சுக்குப் போகாது. கணக்கு வந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து, அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் செலவோடு பொருத்திப் பார்ப்பேன். மையங்கள் எத்தனை என்றால் சம்பளம் எவ்வளவு. பிள்ளைகள் எத்தனை என்றால் நோட்டுப் புத்தகம் எத்தனை வாங்கினோம். பயிற்சி முகாம் இரண்டு நாள் என்றால் சாப்பாட்டு ரசீது எத்தனை இலைக்கு. நன்கொடை தருபவர் இதைச் செய்யமாட்டார் என்று நினைக்கவேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் எல்லோருக்கும் தெரியும்.

தொலைபேசி வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லக் கூசுகிறது, கோபம். “பத்து ஆண்டுகளாகச் சம்பளம் வாங்காமல் உழைக்கிறேன், ஆறு மாதச் சம்பளத்துக்குக் கணக்குக் கேட்கிறார்களே” என்ற கோபம். மறுநாள் எங்கள் மூத்த அறங்காவலர் ஐயாவிடம் போய் இதையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த இருபத்து நாலாயிரம் இப்போது எங்கே இருக்கிறது?” அங்கேதான் இரண்டாவது பள்ளம். அதில் 9,500 ரூபாயை அலுவலக வாடகை பாக்கிக்குக் கொடுத்திருந்தோம். மீதி 14,500 வங்கியில் கிடந்தது. யாரும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் படிப்பு மையத்துக்கு என்று கேட்டு வாங்கிய பணத்தை வாடகைக்குத் திருப்பிவிட, கொடுத்தவரிடம் கேட்டிருக்கவேண்டும்.

“ஜனவரியிலேயே நாலு வரிக் கடிதம் போட்டிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை அம்மா” என்றார் ஐயா. அதுதான் உண்மை. மையம் மூடிய வாரமே “இரண்டு ஊர்களில் பிள்ளைகள் சூளைக்குப் போய்விட்டார்கள், மூன்று மாதச் சம்பளம் 24,000 மிச்சமாகும், இதை என்ன செய்யலாம்?” என்று கேட்டிருந்தால், பெரும்பாலும் “நீங்களே சொல்லுங்கள்” என்றுதான் பதில் வந்திருக்கும். கெட்ட செய்தி ஆண்டறிக்கையில் முதல்முறையாகத் தலைகாட்டக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அறிக்கை அதைப் பதிவு செய்யும் இடம். சொல்லும் இடம் கடிதம். நிதிக் குறையைப் பொறுத்தவரை இதற்கு விலக்கே கிடையாது.

அறிக்கையைத் திரும்ப எழுதுவது என்று முடிவானது. இந்த முறை மற்றவர்களின் அறிக்கைகளைத் தூக்கி வைத்துவிட்டு ஆறு மையங்களின் வருகைப் பதிவேடுகளை வரவழைத்தேன். அப்போது கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். ஐந்து பதிவேடுகள் பதிவேடு மாதிரி இருந்தன: நீல மை, கறுப்பு மை, நடுவில் பென்சில், சுண்டல் எண்ணெய்க் கறை, அடித்துத் திருத்திய பெயர்கள். ஆறாவது பதிவேடு மட்டும் மணப்பெண் மாதிரி இருந்தது. ஒரே மை, ஒரே அழுத்தம், வரிசை வரிசையாகச் சரிக் குறிகள். பக்கங்களைப் புரட்டி 2022 டிசம்பர் 9-ஐப் பார்த்தேன். மாண்டஸ் புயல் அன்று இரவுதான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் அன்று மாலை தெருவில் நாய்கூட இல்லை. பதிவேட்டின்படி முப்பத்தோரு பிள்ளைகளும் மையத்துக்கு வந்திருந்தார்கள்.

அந்த ஆசிரியையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டாள். “அக்கா, போன ஆண்டு வருகை இருபதுக்குக் கீழே போனால் மையத்தை நடத்துவதா என்று யோசிக்கவேண்டி வரும் என்று கூட்டத்தில் நீங்கள்தான் சொன்னீர்கள்” என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன். குறையைச் சொன்னால் சம்பளம் போகும் என்று பயந்து அவள் கீழே செய்ததைத்தான், நன்கொடை போகும் என்று பயந்து நானும் மேலே செய்திருக்கிறேன். அறிக்கையில் நேர்மை வேண்டுமானால் அது பதிவேட்டிலிருந்து தொடங்கவேண்டும். பதிவேட்டில் வேண்டுமானால் அதை எழுதுபவளுக்குப் பயம் இருக்கக் கூடாது. அந்த விதியை அந்த வாரமே எடுத்துவிட்டோம். அந்த மையத்தின் வருகை எண்ணிக்கையைத் திருத்தி எழுத வழியில்லை என்பதால், “இந்த மையத்தின் வருகைப் பதிவு நம்பத்தக்கதாக இல்லை, எனவே சராசரியில் சேர்க்கவில்லை” என்று எழுதினோம். ஆசிரியை யார் என்றோ ஊர் எது என்றோ எழுதவில்லை. அமைப்பின் குறையைச் சொல்லும்போது ஊழியரைக் காட்டிக்கொடுக்கவேண்டியதில்லை. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் புயல் நாள், ஊர்த் திருவிழா நாள், தேர்தல் நாள் என்று இரண்டு மூன்று தேதிகளை எடுத்துப் பாருங்கள். பதிவேடு தானாகப் பேசும்.

அடுத்தது, நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எண். வாசிப்பைச் சோதிக்க, கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை நாடு முழுக்க அளக்கும் ‘ஏசர்’ ஆய்வில் பயன்படுத்தும் முறையை நாங்களும் பின்பற்றுகிறோம்: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்வது. ஜூனில் 186 பேரைச் சோதித்தபோது 52 பேர் பத்தியோ அதற்கு மேலோ வாசித்தார்கள். அதாவது நூற்றுக்கு 28. மார்ச்சில் 61 பேர் வாசித்தார்கள். அப்போது சோதனைக்கு இருந்தவர்கள் 112 பேர், ஆகவே நூற்றுக்கு 54. “ஒரே ஆண்டில் வாசிப்புத் திறன் இரு மடங்கு” என்று முதல் அறிக்கையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். எண்கள் இரண்டும் சரியானவை. வாக்கியம்தான் தவறு.

எப்படி என்றால், ஜூனில் எண்ணிய பிள்ளைகளும் மார்ச்சில் எண்ணிய பிள்ளைகளும் ஒரே பிள்ளைகள் அல்ல. இடையில் 74 பேர் போய்விட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் வாசிக்கத் திணறியவர்கள். 74 பேரில் 11 பேர்தான் ஜூனில் பத்தி வாசித்தவர்கள். திணறுகிறவர்கள் வெளியே போனாலே, உள்ளே ஒருவர்கூடப் புதிதாகக் கற்காவிட்டாலும், சதவீதம் தானாக ஏறும். சரியான கணக்கு வேண்டுமானால், மார்ச்சில் இருந்த அதே 112 பேரின் பழைய தாள்களை எடுத்துப் பார்க்கவேண்டும். ஜூனில் அவர்களில் 41 பேர் பத்தி வாசித்தார்கள். மார்ச்சில் 61. ஆக, எங்கள் மையங்களில் இருந்த காலத்தில் புதிதாகப் பத்தி வாசிக்கும் நிலைக்கு வந்தவர்கள் 20 பேர்தான். ‘இரு மடங்கு’ என்பது கரைந்து ‘20 பிள்ளைகள்’ என்று ஆனபோது வயிற்றில் ஏதோ இறங்கியது போலிருந்தது. பிறகு அந்த இருபது பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முகங்கள் வந்தன. சதவீதத்தைப் பார்த்து எனக்கு அப்படி எந்த முகமும் வந்ததில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்தக் கணக்கைப் போட ஜூன் மாதத் தாள்கள் பெயரோடு இருக்கவேண்டும். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டால் பிறகு எவராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் தாள்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்ததால் தப்பித்தோம்.

அந்த இருபதையும் முழுக்க எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியுமா? அதே பிள்ளைகள் பகலில் பள்ளிக்குப் போகிறார்கள். மூன்றாம் வகுப்புவரை அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. இரண்டு ஊர்களில் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையமும் நடந்தது. சில பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. எங்களால்தான் என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊரும் இல்லை, சோதனையும் இல்லை. “இந்த முன்னேற்றத்தில் பள்ளிக்கும் அரசுத் திட்டங்களுக்கும் பங்கு உண்டு, எங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எங்களிடம் வழியில்லை” என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம். இதை எழுதினால் சாதனை சிறுத்துவிடும் என்று பயந்தேன். பிறகு அறிக்கையைப் படித்த பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் முதல்முறையாக எங்கள் மையத்தைப் பார்க்க வந்தார். அதுவரை எங்களைப் போட்டிக் கடை மாதிரி பார்த்தவர்.

இரண்டாவது வரைவு எழுதியபோது எதிர்ப்பக்கத்துக் குழியில் விழுந்தேன். குற்ற உணர்ச்சியில் எழுதியதால் ஏழு பக்கமும் ஒப்புதல் வாக்குமூலம். தோற்றோம், தவறினோம், தலைகுனிகிறோம். ஐயா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதைப் படித்தால் நானே நூறு ரூபாய் தரமாட்டேன். நான்கு மையங்கள் பத்து மாதமும் நடந்திருக்கின்றன, அது எங்கே?” என்றார். தேடினேன், இல்லை. குறையைச் சொல்லும் ஆவேசத்தில் நடந்த வேலையையே மறைத்திருந்தேன். அதுவும் நேர்மை இல்லைதான். சாதனைக்கு இத்தனை பக்கம், குறைக்கு இத்தனை பக்கம் என்று தராசு பிடிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். ‘சவால்கள்’ என்ற தனி அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு வேலையின் கீழும், அந்த ஆண்டு தொடக்கத்தில் என்ன சொன்னோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், இனி என்ன என்று அதே பத்தியிலேயே எழுதினோம். சாதித்ததும் தவறியதும் ஒரே பத்தியில் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்று மற்றொன்றை அளந்து வைத்துவிடுகிறது. அடைமொழிக்கு வேலை இல்லாமல் போகிறது. இப்படி எழுத, ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த திட்டக் கடிதம் கையில் இருக்கவேண்டும். நினைவிலிருந்து எழுதினால், நடந்ததற்கு ஏற்ற மாதிரி பழைய இலக்கு தானாக வளைந்துகொள்ளும். மனித மனம் அப்படி.

‘ஏன்’ என்ற இடத்தில்தான் அதிக நேரம் போனது. முதலில் நான் எழுதிய காரணம், “பெற்றோரிடையே கல்வி குறித்த விழிப்புணர்வின்மை”. தொண்டு நிறுவன அறிக்கைகளில் இதுபோல் புளித்துப்போன வாக்கியம் வேறில்லை. எந்தக் கதவுக்கும் பொருந்தும் சாவி. மூடிய மையம் ஒன்றின் ஆசிரியையிடம் வரைவைப் படித்துக் காட்டினேன். அவளுடைய பெரியப்பா குடும்பமே சூளைக்குப் போகும் குடும்பம். “விழிப்புணர்வு இல்லாமல் யாரும் போகவில்லை அக்கா. முன்பணம் வாங்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது மேஸ்திரி வந்து கொடுக்கிறான். அந்தப் பணத்தில்தான் அந்த மாதங்கள் ஓடுகின்றன. பிறகு போகாமல் எப்படி இருப்பது? பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் இரவு யார் பார்ப்பது?” என்றாள். நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். இது ஆண்டுதோறும் நடப்பது என்று தெரிந்திருந்தும், ஜூன் முதல் மார்ச் வரை ஒரே சீராகப் பத்து மாதம் என்று திட்டம் போட்டது நாங்கள். பெற்றோரின் தவறு என்று எழுதியதை அடித்து, எங்கள் திட்டத்தின் தவறு என்று எழுதினேன். குறைக்கான காரணமாக மற்றவர்களை மட்டுமே எழுதியிருந்தால், இன்னும் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அறிக்கையில் போன பத்தியை அப்படியே தருகிறேன். “ஆறு மையங்களைப் பத்து மாதம் நடத்துவதாகச் சொல்லியிருந்தோம். நான்கு மையங்கள் பத்து மாதமும் நடந்தன. இரண்டு மையங்களை 2023 ஜனவரி முதல் மூடினோம். ஜூனில் பெயர் பதிந்த 186 பிள்ளைகளில் 74 பேர் மார்ச்சில் எங்களோடு இல்லை. அவர்களில் 47 பேர் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போனார்கள். 14 பேர் வேறு ஊருக்கோ வேறு பள்ளிக்கோ மாறினார்கள். 13 பேர் ஏன் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை, நாங்கள் விசாரிக்கவும் இல்லை. சூளைக்குப் போகும் பருவம் ஊரறிந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் திட்டமிட்டது எங்கள் பிழை. இதனால் 24,000 ரூபாய் செலவாகவில்லை. அதில் 9,500 ரூபாயை முன் அனுமதி பெறாமல் அலுவலக வாடகைக்குப் பயன்படுத்தினோம். அதைப் பொது நிதியிலிருந்து திரும்பச் செலுத்திவிட்டோம். வரும் ஆண்டில் இந்த இரண்டு ஊர்களிலும் ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் ஐந்து நாளுக்குப் பதில் ஆறு நாள் நடத்துவோம்; ஜனவரியில் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று பெயரோடு குறித்துப் பள்ளிக்குத் தெரிவிப்போம்.”

‘13 பேர் ஏன் என்று தெரியவில்லை’ என்பதை எழுத அறங்காவலர் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. “தெரியவில்லை என்று அச்சில் போடுவதா? பல காரணங்கள் என்று போடுங்கள்” என்றார் ஒருவர். ஒன்றரை மணி நேரம் வாதாடி அந்த வரியைக் காப்பாற்றினேன். வாக்குறுதியிலும் ஒரு சண்டை. “இனி ஒரு பிள்ளைகூட இடைநிற்காது” என்று முடிக்கச் சொன்னார்கள். சூளை முன்பணத்தை நிறுத்தும் சக்தி எங்களுக்கு இல்லை. எங்கள் கைக்குள் இருப்பது மையத்தின் நாட்களை மாற்றுவதும் பெயர்களைக் குறித்துவைப்பதும்தான். அதை மட்டும் எழுதினோம். அடுத்த ஆண்டு அறிக்கையில் இந்த வரிக்குப் பதில் சொல்லவேண்டியது நான்தானே.

புதிய அறிக்கை பத்துப் பக்கம், அட்டைப் படம் இல்லை, நகல் கடையில் எடுத்த 40 பிரதிகள். பழைய அறிக்கை போன ஒவ்வொருவருக்கும் “முன்பு அனுப்பியதில் தவறுகள் இருந்தன, இதுவே சரியானது” என்ற கடிதத்தோடு தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினோம். மிச்சமிருந்த பழைய பிரதிகளைக் கிழித்துப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டோம்; எவ்வளவு கிடைத்தது என்று சொல்லமாட்டேன். நன்கொடைக் குழு செப்டம்பரில் அனுப்பவேண்டிய தவணையை நிறுத்தி வைத்து, 2024 ஜனவரியில் அந்த ஆண்டுக்கான மூன்று லட்சத்தில் பாதியை மட்டும் அனுப்பியது. மீதிப் பாதி வரவே இல்லை. ஆசிரியைகளுக்கு மூன்று மாதம் சம்பளம் பாக்கி விழுந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது, ஏனென்றால் மூடி மறைத்தது நான், வயிற்றில் அடி வாங்கியது அவர்கள். வேறொரு தனி நன்கொடையாளர் விலகிக்கொண்டார்; காரணம் சொல்லவில்லை. வங்கிக்காரர் மட்டும் ஒருமுறை தொலைபேசியில், “அந்த 13 பேரைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் விசாரிக்கவே போனோம்.

அடுத்த ஆண்டு அறிக்கையின் வரைவை 2024 மே மாதத்தில் ஆறு ஆசிரியைகளையும் உட்கார வைத்து வாய்விட்டுப் படித்தேன். சூளைக்குப் போன பிள்ளைகள் 39 என்று எழுதியிருந்தேன். பின்வரிசையிலிருந்து, அந்தப் புயல் நாள் பதிவேட்டுக்காரி கையைத் தூக்கினாள். “39 அல்ல அக்கா, என் மையத்தில் இரண்டு பேரை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 41” என்றாள். பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அழுக்காக, அடித்தல் திருத்தலோடு இருந்தது. பேனாவை எடுத்து 41 என்று மாற்றினேன்.